பெயிலில் இருப்பவர் வேலைக்கு வெளிநாடு போக: நீதிமன்றத்தில் எப்படிக் கேட்பது?

(வெள்ளகோவிலில் நமது அறக்கட்டளை நடத்திய சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னை இங்கே அழைத்தபோது, மக்கள் அதிகம் கேட்கிற ஒரு கேள்வியை எடுத்துப் பேசுங்கள் என்று நிர்வாகிகள் சொன்னார்கள். எது என்று கேட்டேன். "பையன் பெயிலில் இருக்கிறான். துபாயிலிருந்து விசா வந்திருக்கிறது. போகலாமா, கூடாதா?" இதுதான் என்றார்கள்.

ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். நீதிமன்ற அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம். சொல்லாமல் போகக் கூடாது. அந்த அனுமதியை எப்படிக் கேட்டால் கிடைக்கும், எப்படிக் கேட்டால் கிடைக்காது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பர்வேஸ் நூர்தீன் லோகண்ட்வாலா எதிர் மகாராஷ்டிர மாநிலம். 2020 அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு. இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் கொடுங்கள், அவருக்குப் பயன்படும்.

மனுதாரர் இந்தியக் குடிமகன். 1985லிருந்து அமெரிக்காவில் வசிப்பவர், அங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர். சொத்து விஷயமான ஒரு அதிகாரப் பத்திரம் போலி என்று அவர் மேல் 2014இல் மகாராஷ்டிரத்தில் ஒரு எஃப்.ஐ.ஆர். அது புகார்தான், நிரூபிக்கப்பட்ட குற்றம் அல்ல. 2020இல் ஊருக்கு வந்திருந்தபோது கைதானார். பிறகு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால பெயில் கொடுத்தது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டார். குறிப்பிட்ட காலத்துக்குள் அமெரிக்கா திரும்பாவிட்டால் அவருடைய கிரீன் கார்டுக்கே ஆபத்து. எட்டு வாரம் போய்வர அனுமதி கேட்டார். உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் கொடுத்தது.

என்ன காரணத்தால் கொடுத்தது என்பதுதான் நமக்கு முக்கியம். அவர் எஃப்.ஐ.ஆருக்குப் பிறகும் பலமுறை இந்தியா வந்து போயிருக்கிறார். ஓட நினைத்தவர் இப்படி வந்து போயிருக்க மாட்டார். போகிற காரணம் உண்மையானது. கேட்கிற காலமும் அளவானது. பெயில் நிபந்தனை என்பது விசாரணை ஒழுங்காக நடப்பதற்காகப் போடுவது, அந்த நோக்கத்துக்கு மேல் ஒருவருடைய வாழ்க்கையை அது இறுக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஆனால் அனுமதியைச் சும்மா கொடுக்கவில்லை. எட்டு வாரம் முடிந்ததும் திரும்பி வருவேன், வாய்தாக்களுக்கு ஆஜராவேன் என்று எழுத்தில் உறுதிமொழி கேட்டது. பாஸ்போர்ட்டைப் பயணத்துக்காகக் கொடுக்கச் சொல்லி, திரும்பி வந்ததும் விசாரணை அதிகாரியிடம் மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்முடைய மனுக்களில் பெரும்பாலும் "குடும்பம் கஷ்டம், கடன் இருக்கிறது, வேலைக்குப் போயே ஆக வேண்டும்" என்று நாலு பக்கம் இருக்கும். நீதிபதி அதைப் படிப்பார், இரக்கமும் படுவார். ஆனால் அவருடைய கேள்வி அது அல்ல. அவருக்கு இருப்பது இரண்டு கேள்வி. ஒன்று, இவன் திரும்பி வருவானா? இரண்டு, இவன் அங்கே இருக்கும்போது இங்கே வழக்கு நின்றுபோகாமல் நடக்குமா? இந்த இரண்டுக்கும் காகிதத்தில் பதில் இருக்கிற மனுதான் நல்ல மனு.

இப்போது ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். யாரையும் குறிப்பிடவில்லை, விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

ஒரு தம்பி, 26 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். டீக்கடையில் ஆரம்பித்த வாய்த்தகராறு அடிதடியாகிறது. எதிர்த்தரப்பில் ஒருவருக்குக் காயம். எஃப்.ஐ.ஆரில் நாலாவது ஆளாக இந்தத் தம்பியின் பெயர். திருப்பூர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கிடைக்கிறது. நிபந்தனை மூன்று: தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்து, பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைப்பது, அனுமதி இல்லாமல் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது. எட்டு மாதத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வழக்கு காங்கேயம் நடுவர் நீதிமன்றத்துக்கு வருகிறது. அப்போது ஷார்ஜாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியிலிருந்து வேலை வருகிறது. ஒப்பந்தம் இரண்டு வருடம். 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

முதல் வேலை, பெயில் உத்தரவின் நகலை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பது. பல பேர் அதைப் படிப்பதே இல்லை. வக்கீல் குமாஸ்தா சொன்னதை வைத்தே வருடக்கணக்கில் போகிறார்கள். எந்த நீதிமன்றம் நிபந்தனை போட்டதோ, அந்த நிபந்தனையைத் தளர்த்த அந்த நீதிமன்றத்தில்தான் பொதுவாக மனுப் போட வேண்டும். நம் உதாரணத்தில் அது திருப்பூர் செஷன்ஸ் நீதிமன்றம். வழக்கு காங்கேயத்தில் நடக்கிறது என்பதால் அங்கே மனுவைப் போட்டு, "இது எங்கள் உத்தரவு அல்ல" என்று திருப்பி அனுப்பப்பட்டால் மூன்று வாரம் போச்சு. 60 நாளில் மூன்று வாரம் சின்ன நஷ்டமா? பெயில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்தது என்றால் மனுவும் அங்கேதான்.

கையெழுத்து நிபந்தனையையும் மறந்துவிடக் கூடாது. வெளிநாடு போக அனுமதி வாங்கிவிட்டு, தினமும் கையெழுத்துப் போடுகிற நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்காமல் விட்டால், விமானம் ஏறிய மறுநாளே நிபந்தனையை மீறியதாகிவிடும். மூன்று நிபந்தனைக்கும் ஒரே மனுவில் மூன்று வேண்டுகோள் இருக்க வேண்டும்.

அடுத்து, காரணம். காரணத்தை ஆவணத்தோடு சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த வேலை உத்தரவு, அதில் சம்பளம், பதவி, ஒப்பந்தக் காலம். விசா நுழைவு அனுமதியின் நகல். தம்பி இதே தொழிலில் இத்தனை வருடம் வேலை செய்ததற்குத் திருப்பூர் கம்பெனியின் சான்று. இதனால் என்ன தெரியும்? கட்டிங் மாஸ்டர் கட்டிங் மாஸ்டர் வேலைக்குத்தான் போகிறான், வழக்கிலிருந்து தப்பிக்கக் கிடைத்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு போகவில்லை என்று தெரியும். கடன் இருந்தால் நகைக்கடன் ரசீதை வையுங்கள். "கடன் இருக்கிறது" என்று எழுதுவதைவிட அந்த ஒரு ரசீது பேசும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஆட்கள் பலர் விசிட் விசாவில் போய், அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நீதிமன்ற மனுவில் "வேலைக்குப் போகிறேன்" என்று எழுதி, கூடவே விசிட் விசாவை வைத்தால், அரசுத் தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் காட்டுவார். "வேலை என்கிறார், கையில் இருப்பது சுற்றுலா விசா." மனு அங்கேயே படுத்துவிடும். சரி, "சுற்றிப் பார்க்கப் போகிறேன்" என்று எழுதிவிட்டு அங்கே வேலையில் சேர்ந்தால்? நீதிமன்றத்துக்குப் பொய் சொன்னதாகும், பெயிலே ரத்தாகலாம். இரண்டும் வேண்டாம். வேலை விசா கைக்கு வந்த பிறகு மனுப் போடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உறுதிகள். "திரும்பி வருவானா" என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

தம்பியின் பிரமாணப் பத்திரத்தில் இவை தெளிவாக இருக்கட்டும். அம்மா, அத்தா, மனைவி, குழந்தை எல்லாரும் வெள்ளகோவிலில் இருக்கிறார்கள். ரேஷன் கார்டு நகல் இணைப்பு. சொந்த வீடு அத்தா பெயரில்; வரி ரசீது இணைப்பு. பெயில் கிடைத்த நாளிலிருந்து ஒரு கையெழுத்துகூடத் தவறவில்லை. காவல் நிலையப் பதிவேடு சொல்லும். ஒரு வாய்தாவும் தவறவில்லை. ஷார்ஜாவில் தங்கும் முகவரி, கம்பெனி முகவரி, போன் நம்பர் இவை. முகவரி மாறினால் ஏழு நாளில் தெரிவிப்பேன். நீதிமன்றம் அழைத்தால் 15 நாளில் வந்து நிற்பேன். வந்ததும் பாஸ்போர்ட்டை மறுபடி ஒப்படைப்பேன்.

இதில் 15 நாளில் வருவேன் என்பதை எல்லாரும் எழுதுவார்கள். நீதிபதி கேட்பார்: "கம்பெனி விடுமா?" நியாயமான கேள்வி. அதனால் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். இவருக்கு இந்தியாவில் ஒரு வழக்கு இருப்பது எங்களுக்குத் தெரியும், நீதிமன்றம் அழைத்தால் விடுப்பு கொடுப்போம் என்று. இதைக் கேட்கவே பலருக்குக் கூச்சம். வேலை போய்விடுமோ என்று பயம். ஆனால் கம்பெனிக்குத் தெரியாமல் போய், ஆறு மாதம் கழித்து வாய்தாவுக்கு லீவு கேட்டுக் கிடைக்காமல் போனால் அப்போது வேலையும் போகும், பெயிலும் போகும். அந்தக் கடிதம் இருக்கிற மனுவுக்கும் இல்லாத மனுவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்பது என் அனுபவம்.

பணமும் ஒரு உறுதிதான். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த கார்த்தி சிதம்பரம் மீது மத்திய அமைப்புகளின் விசாரணை இருந்தபோது, டென்னிஸ் போட்டிகள் தொடர்பாக வெளிநாடு போக அனுமதி கேட்டார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 10 கோடி ரூபாய் டெபாசிட் கட்டிவிட்டுப் போகச் சொன்னது. போய்விட்டுத் திரும்பினார். அந்தத் தொகை நமக்கான தொகை அல்ல, பயந்துவிடாதீர்கள். ஆளுக்கும் வழக்குக்கும் தகுந்தபடிதான் நீதிமன்றம் தொகையைத் தீர்மானிக்கும். ஆனால் "ஒரு தொகை கட்டத் தயார்" என்று மனுவிலேயே சொல்வது நல்லது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: கட்ட முடியாத தொகையைச் சொல்லாதீர்கள். உத்தரவு வாங்கிவிட்டுக் கட்ட முடியாமல் நின்றால், உத்தரவு வெறும் காகிதம்.

இனி இரண்டாவது கேள்வி. வழக்கு நிற்காமல் நடக்குமா? இதற்குப் பதில் இல்லாமல்தான் நம் ஊர் மனுக்கள் அதிகம் தோற்கின்றன.

நாலு பேர் மேல் வழக்கு. ஒருவன் ஷார்ஜாவில். சாட்சி வந்து நிற்கிறார். "நாலாவது ஆள் வரவில்லை" என்று வாய்தா தள்ளிப்போகிறது. இப்படி இரண்டு முறை நடந்தால் காயம்பட்டவருக்கு நியாயம் தள்ளிப்போகிறது, மற்ற மூன்று பேரும் வீணாக அலைகிறார்கள். நீதிபதி இதைத்தான் யோசிப்பார். இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 228ஆம் பிரிவின்படி, ஆள் நேரில் வராமல் வக்கீல் மூலம் ஆஜராக நடுவர் அனுமதிக்கலாம். பழைய சட்டத்தில் இது 205. விசாரணை நடக்கிற காலத்தில் ஆஜர் விலக்குக்கு 355ஆம் பிரிவு, நீங்கள் "முன்னூத்திப் பதினேழு பெட்டிஷன்" என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான்.

ஆகவே திருப்பூரில் பயண அனுமதி மனுவோடு வேலை முடியாது. காங்கேயத்தில் ஆஜர் விலக்கு மனுவும் போட வேண்டும். அதில் மூன்று உறுதி கொடுக்க வேண்டும். ஒன்று, எல்லா வாய்தாவுக்கும் என் வக்கீல் வருவார். இரண்டு, நான் இல்லை என்பதைக் காரணம் காட்டி வாய்தா கேட்க மாட்டோம். சாட்சி விசாரணையை வக்கீல் முன்னிலையில் நடத்திக்கொள்ளலாம். மூன்று, என் அடையாளத்தை நான் மறுக்க மாட்டேன். அதாவது, சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் "நாலாவது எதிரி இன்னார்" என்று சொன்னால், "அது நான் இல்லை" என்று பிறகு வாதாட மாட்டேன். இந்த மூன்றாவதை வக்கீலோடு நன்றாகப் பேசிவிட்டுத்தான் எழுத வேண்டும். தம்பி சம்பவ இடத்திலேயே இல்லை, ஆள்மாறாட்டத்தில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் உங்கள் கட்சி என்றால், இந்த உறுதி அதைக் கெடுத்துவிடும்.

சில நாட்களுக்கு ஆள் நேரில் வந்தே ஆக வேண்டும். குற்றச்சாட்டு பதிவு செய்யும் நாள், சாட்சி முடிந்து எதிரியிடம் நீதிபதி கேள்வி கேட்கும் நாள், தீர்ப்பு நாள். இந்த நாட்களுக்கு வருவேன் என்று மனுவிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்குவதற்கு முன்னால் கொடுத்தால் மதிப்பு.

அப்படியானால் எவ்வளவு காலம் கேட்பது? ஒப்பந்தம் இரண்டு வருடம். லோகண்ட்வாலா வழக்கில் கொடுத்தது எட்டு வாரம். இந்த வித்தியாசத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். போய்வருவதற்குக் கிடைக்கிற அனுமதி, வேலைக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. வேலை என்றால் நீண்ட காலம். "இரண்டு வருடம் போக அனுமதி வேண்டும்" என்று ஒரே வரியில் கேட்டால் மறுப்பதற்கு வாய்ப்பு அதிகம். நான் செய்வது இப்படி: முதலில் ஒரு வருடம் கேட்பேன். அதற்குள் குற்றச்சாட்டுப் பதிவுக்கு வருவதாக உறுதி கொடுப்பேன். "அல்லது நீதிமன்றம் சரியென்று நினைக்கிற குறைந்த காலம்" என்று மாற்று வேண்டுகோளும் வைப்பேன். ஆறு மாதம் கிடைத்தால் ஆறு மாதம். அந்தக் காலம் முடிவதற்குள் ஊருக்கு வந்து, நிபந்தனை எல்லாவற்றையும் காப்பாற்றியதைக் காட்டி, மறுபடி கேட்பது. முதல் தடவை சொன்ன தேதிக்கு வந்து நின்றவனுக்கு இரண்டாம் தடவை சுலபம். லோகண்ட்வாலா ஜெயித்ததும் அப்படித்தான், அவர் வந்து போன கணக்கு அவருக்காகப் பேசியது.

இன்னொரு வழியும் உண்டு. வழக்கு சின்னது, சாட்சிகள் ஐந்தாறு பேர்தான் என்றால், வெளிநாட்டுக் கனவை ஆறு மாதம் தள்ளிவைத்து, வழக்கைச் சீக்கிரம் முடித்துத் தரச் சொல்லி மனுப் போடுவது. சமரசமாகக்கூடிய பிரிவுகள் என்றால் எதிர்த்தரப்போடு பேசி முடிப்பது. முடிந்த வழக்குக்கு அனுமதி தேவையில்லை. இந்த 60 நாள் போனால் இன்னொரு 60 நாள் வரும்.

பாஸ்போர்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் உதாரணத்தில் பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கிறது, ஆனால் அடுத்த வருடம் காலாவதி என்று வையுங்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) சொல்கிறது. அதற்கு விலக்கு 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட ஒரு அரசு அறிவிக்கை, ஜி.எஸ்.ஆர். 570(இ) என்று சொல்வார்கள். நீதிமன்றம் வெளிநாடு போக அனுமதி உத்தரவு கொடுத்தால், அந்த உத்தரவில் சொன்ன காலத்துக்குப் பாஸ்போர்ட் கொடுக்கலாம். உத்தரவில் காலமே சொல்லவில்லை என்றால் ஒரு வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். அதனால்தான் பல பேர் உத்தரவோடு கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய், ஒரு வருடப் பாஸ்போர்ட்டோடு திரும்புகிறார்கள். ஒரு வருடப் பாஸ்போர்ட்டில் இரண்டு வருட விசா எப்படிப் போடுவான்? ஆகவே மனுவில் தனியாக ஒரு வேண்டுகோள்: பாஸ்போர்ட்டை இத்தனை வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுக்க ஆட்சேபம் இல்லை என்று காலத்தோடு எழுதச் சொல்லுங்கள். பயணத்துக்கான காலம் வேறு, பாஸ்போர்ட்டுக்கான காலம் வேறு.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் "வழக்கு உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடிக்காதீர்கள். ஏஜெண்ட் அடித்துவிடுவார், கையெழுத்து உங்களுடையது. பொய்த் தகவல் கொடுத்தால் பாஸ்போர்ட் சட்டம் 12ஆம் பிரிவில் அது தனிக் குற்றம். ஒரு வழக்கு இரண்டாகிவிடும்.

இன்னொன்று, விமான நிலையம். சில வழக்குகளில் போலீஸ் லுக்அவுட் நோட்டீஸ் கொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தும் குடியேற்ற அதிகாரி நிறுத்திவிடுவார். அவர் கம்ப்யூட்டரில் உத்தரவு இருக்காது, நோட்டீஸ்தான் இருக்கும். எனவே அப்படி ஏதாவது நோட்டீஸ் இருந்தால் பயணக் காலத்துக்கு அதை நிறுத்திவைக்கப் போலீஸ் தகவல் கொடுக்க வேண்டும் என்றும் மனுவில் கேளுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகல் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு உள்ளே அனுப்பிவிடாதீர்கள். அதோடு, சில நாடுகளும் கம்பெனிகளும் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். நீதிமன்ற அனுமதி அந்தச் சான்றுக்குப் பதிலாகாது. இதை ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். டிக்கெட்டும் உத்தரவு வந்த பிறகுதான்.

மனுப் போட்ட பிறகு என்ன நடக்கும்? அரசுத் தரப்புக்கு நகல் போகும். காவல் ஆய்வாளர் எதிர்மனு போடுவார். "வெளிநாடு போனால் தலைமறைவாகிவிடுவார், சாட்சிகளை மிரட்டுவார்" என்று வழக்கமாக எழுதுவார்கள். அதற்குப் பதில் உங்கள் கையெழுத்துப் பதிவேடும் வாய்தா கணக்கும்தான். விசாரணை முடிந்து உத்தரவு வர இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகலாம். அதனால்தான் வேலை உத்தரவு வந்த வாரமே மனுப் போட வேண்டும். மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் கொலை, தீவிரவாதத் தடைச் சட்டம், பெரிய பண மோசடி மாதிரி வழக்குகளில் வேலைக்காக நீண்ட கால அனுமதி கிடைப்பது மிகக் கடினம். அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தில் அப்படிப் போட்டவர்கள் இருப்பீர்கள். பக்கத்து வீட்டுப் பையன், பள்ளிவாசலில் பார்க்கிற பையன் என்று வரி ரசீதைக் கொடுத்திருப்பீர்கள். அவன் சொல்லாமல் போய்விட்டால் நோட்டீஸ் உங்களுக்கு வரும். புதிய சட்டத்தில் 491ஆம் பிரிவு. பத்திரத்தில் எழுதிய தொகையை ஏன் கட்டக் கூடாது என்று நீதிமன்றம் கேட்கும். கட்டவில்லை என்றால் சொத்திலிருந்து வசூல். அதுவும் முடியாவிட்டால் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. தப்புச் செய்தது அவன், நிற்பது நீங்கள். ஆகவே அவன் அனுமதி மனுப் போடும்போது உங்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். ஜாமீன்தாரர் "எனக்கு ஆட்சேபம் இல்லை, பயணக் காலத்துக்கும் என் ஜாமீன் நிற்கும்" என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அது நீதிபதிக்கும் பெரிய உறுதி. உள்ளூரில் இவனை அறிந்தவர் தன் சொத்தை வைத்து நம்புகிறார் என்று பொருள். அந்தக் கையெழுத்து ஒரு அமானிதம், தம்பிகளே. அதைக் கொடுத்தவரை விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

சொல்லாமல் போனவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். இரண்டு வாய்தா தவறியதும் பிடிவாரண்ட். பிறகு தேடப்படும் குற்றவாளி என்று அறிவிப்பு. அங்கே மாதாமாதம் பணம் அனுப்புவான், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஒரு நாள் அத்தா மவுத்தாகிவிட்டார் என்று போன் வரும். விமானத்திலிருந்து இறங்குவான். வெளியே வர மாட்டான். ஜனாஸாவுக்கு அவன் இல்லாமலே நாம் தொழுதுவிட்டு வருவோம். நான் ஒரு தடவை அதைப் பார்த்தேன், இன்னொரு தடவை பார்க்க விரும்பவில்லை.

ஆகவே வேலை வந்திருக்கிறது என்றால் சந்தோஷம். பெயில் உத்தரவு, வேலை உத்தரவு, விசா நகல், கையெழுத்துப் பதிவேட்டின் விவரம், ஜாமீன்தாரர் சம்மதம், கம்பெனியின் விடுப்புக் கடிதம் இந்த ஆறையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் போங்கள். வக்கீல் இல்லாதவர்கள் காங்கேயம், திருப்பூர் நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு அங்கே வக்கீல் இலவசம். உத்தரவு கைக்கு வந்ததும் திரும்பி வர வேண்டிய தேதியை வீட்டு நாள்காட்டியில் அம்மா வட்டம் போட்டு வைக்கட்டும்.

உங்கள் கேள்விகளை இப்போது கேளுங்கள். வஸ்ஸலாம்.